அரசுப் பத்திரத்தில் நஷ்டம் எங்கிருந்து வருகிறது?

2021 ஜூலையில் மத்திய அரசு பத்தாண்டுக்கான கடன் பத்திரம் ஒன்றை ஏலத்தில் விட்டது. சந்தைத் திரையில் அதன் பெயர் 6.10% GS 2031. பெயரிலேயே பாதி விவரம் இருக்கிறது. ஆண்டுக்கு 6.10 சதவீத வட்டி, 2031இல் முதல் திரும்பும். லட்ச ரூபாய்க்கு வாங்கியவருக்கு ஒவ்வொரு ஜனவரியிலும் ஜூலையிலும் 3,050 ரூபாய் வரும். 2031 ஜூலை 12 அன்று லட்ச ரூபாய் கைக்கு வந்துவிடும். கொடுப்பது இந்திய அரசு என்பதால் பணம் வராமல் போகும் பயம் இல்லை.

ஓராண்டு கழித்து, 2022 ஜூலையில், அதே பத்திரத்தை விற்கப் போனவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய விலை ஏறக்குறைய 91,570 ரூபாய். அரசு ஒரு தவணையைக்கூடத் தவறவிடவில்லை. பத்திரத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனாலும் எட்டாயிரத்துச் சொச்சம் காணாமல் போயிருந்தது.

நம் ஊரில் பெரும்பாலானோர் கடன் பத்திரத்தை வங்கி வைப்புத்தொகையின் அண்ணன் மாதிரி நினைக்கிறார்கள். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. வைப்புத்தொகைக்குச் சந்தை விலை கிடையாது. பத்திரம் தினமும் கைமாறும் பொருள். அதனால் அதற்கு அன்றன்றைக்கு ஒரு விலை உண்டு. அந்த விலை எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால், காணாமல் போன பணம் எங்கே போனது என்பதும் விளங்கிவிடும்.

பத்திரம் என்பது வரப்போகும் பணத்தின் பட்டியல், அவ்வளவுதான். 2022 ஜூலையில் தவணையை வாங்கிய கையோடு பார்த்தால், நம் பத்திரத்தில் மீதி ஒன்பது ஆண்டுகள். அதாவது 3,050 ரூபாயாகப் பதினெட்டுத் தவணைகள், கடைசியில் ஒரு லட்சம். இந்தப் பட்டியலுக்கு இன்று என்ன கொடுக்கலாம்? அது, அதே அரசு இன்று புதிதாகக் கடன் வாங்கினால் என்ன வட்டி தருகிறது என்பதைப் பொறுத்தது.

அந்த ஓராண்டில் அந்த வட்டி வெகுவாக ஏறிவிட்டிருந்தது. கோவிட் காலத்தில், 2020 மே மாதம், ரிசர்வ் வங்கி தன் ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்துக்கு இறக்கி, இரண்டு ஆண்டுகள் அங்கேயே வைத்திருந்தது. பிறகு விலைவாசி ஏறியது. 2022 மே 4 அன்று, வழக்கமான கூட்டத் தேதிக்குக் காத்திருக்காமல், திடீரென்று 4.40 ஆக்கியது. ஜூனில் 4.90. அடுத்த பிப்ரவரிக்குள் 6.50 வரை போனது. பத்தாண்டுப் பத்திரங்களின் சந்தை வட்டி, அதாவது ஈல்டு, 2022 ஜூனில் 7.6 சதவீதத்தையே தொட்டுவிட்டு வந்தது. ஜூலையில் அது 7.4 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

ஆண்டுக்கு 7.4 என்றால் ஆறு மாதத்துக்கு 3.7 சதவீதம். ஆறு மாதம் கழித்து வரும் 3,050 ரூபாயை 1.037ஆல் வகுத்தால் 2,941. இன்று 2,941 ரூபாயை 7.4 சதவீதத்தில் போட்டால் ஆறு மாதத்தில் 3,050 ஆகும் என்பதால், அந்தத் தவணையின் இன்றைய மதிப்பு அதுதான். இரண்டாவது தவணையை 1.037ஆல் இரண்டு முறை வகுக்க வேண்டும், மூன்றாவதை மூன்று முறை. பதினெட்டாவது தவணை தேய்ந்து தேய்ந்து 1,586 ரூபாய்க்கு வந்து நிற்கும். பதினெட்டையும் கூட்டினால் 39,570. கடைசியில் வரும் ஒரு லட்சத்தை அதேபோல் பதினெட்டு முறை வகுத்தால் 52,000. இரண்டும் சேர்ந்து 91,570. பத்திரத்தின் விலை என்பது இந்தக் கூட்டுத்தொகையே. வேறு ரகசியம் எதுவும் இல்லை.

இதே கணக்கைப் பழைய 6.10 சதவீதத்தில் போட்டால், தவணைகளின் மதிப்பு 41,770, முதலின் மதிப்பு 58,230. சரியாக ஒரு லட்சம். இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தவணைகள் 2,200 ரூபாய்தான் இழந்திருக்கின்றன. முதல் மட்டும் 6,230 இழந்திருக்கிறது. மிகத் தொலைவில் வரும் பணத்தைத்தான் வட்டி உயர்வு பலமாக அடிக்கிறது. ஆண்டு கூடக் கூடப் பத்திர விலை ஏன் அதிகமாக ஆடுகிறது என்பதற்கு விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது.

கணினியில் போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, எக்செலில் ஒரே வரி போதும்:

```
=PV(0.074/2, 18, -3050, -100000)
```

இதுவரை வட்டியிலிருந்து விலைக்குப் போனோம். நடைமுறையில் நாம் பார்ப்பது தலைகீழாக இருக்கும். திரையில் விலை 91,570 என்று தெரியும். அந்த விலைக்கு வாங்கினால் நமக்கு என்ன வட்டி விழும் என்று கேட்போம். அந்த விடைக்குத்தான் ஈல்டு டு மெச்சூரிட்டி, சுருக்கமாக ஒய்.டி.எம்., என்று பெயர். வரப்போகும் தொகைகளின் இன்றைய மதிப்பையும் கொடுத்த விலையையும் சமமாக்கும் வட்டி விகிதம் அது. நேரடிச் சூத்திரம் கிடையாது. ஒரு விகிதத்தைப் போட்டு, அதிகமா குறைவா என்று பார்த்து, திருத்தித் திருத்தித்தான் பிடிக்க வேண்டும். அந்த வேலையை எக்செல் செய்துவிடும்:

```
=RATE(18, 3050, -91570, 100000)*2
```

விடை 7.4 சதவீதம்.

கையில் கணினி இல்லாதபோது ஒரு குறுக்கு வழி உண்டு. ஆண்டு வட்டி 6,100. இதோடு, 91,570 கொடுத்து ஒரு லட்சம் பெறுவதால் ஒன்பது ஆண்டில் கிடைக்கும் 8,430 ரூபாயில் ஓராண்டின் பங்கு 937. இரண்டும் சேர்த்து 7,037. கொடுத்த விலைக்கும் பெறும் முதலுக்கும் சராசரி 95,785. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 7.35 சதவீதம். ஏறக்குறைய சரி. தரகர் சொல்லும் எண் இதிலிருந்து வெகுதூரம் விலகியிருந்தால், அவர் வேறு எதையோ சொல்கிறார் என்று அர்த்தம். பெரும்பாலும் அந்த ‘வேறு எதுவோ’, வட்டியை விலையால் வகுத்த கரண்ட் ஈல்டாக இருக்கும். நம் பத்திரத்துக்கு அது 6.66. முதலில் வரும் லாபத்தை அது கணக்கிலேயே எடுப்பதில்லை. லட்ச ரூபாய்ப் பத்திரத்தை ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கும்போது அதே கரண்ட் ஈல்டு உண்மையைவிட அழகாகத் தெரியும், முதிர்வில் வரும் நஷ்டத்தை மறைத்துவிடும். விற்பவர்கள் அப்போது அதைத்தான் காட்டுவார்கள்.

இனி, காணாமல் போன 8,430 ரூபாய்க்கு வருவோம்.

இப்படி ஒரு பேச்சை அடிக்கடி கேட்கலாம்: “விலை இறங்கினால் என்ன? முதிர்வு வரை வைத்திருந்தால் ஒரு லட்சம் வந்துவிடும், நஷ்டமே இல்லை.” நிதி ஆலோசகர்களும் இதைச் சொல்கிறார்கள், வங்கிகளும் சொல்கின்றன. என் கணக்கில் இது பாதி உண்மை, அதுவும் ஆபத்தான பாதி.

2022 ஜூலையில் லட்ச ரூபாய் வைத்திருந்தவர் புதிய பத்திரம் வாங்கினால், 7.4 சதவீதக் கணக்கில் ஆறு மாதத்துக்கு 3,700 ரூபாய் கிடைத்திருக்கும். பழைய பத்திரக்காரருக்கு 3,050. ஒவ்வொரு தவணையிலும் 650 ரூபாய் குறைவு, இப்படிப் பதினெட்டு முறை. மொத்தம் 11,700. இந்தப் பதினெட்டு 650களையும் மேலே செய்ததுபோல 1.037ஆல் வகுத்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவாருங்கள். வருவது 8,430 ரூபாய். விலை இறங்கிய அதே தொகை, ரூபாய்க்கு ரூபாய்.

இது தற்செயல் அல்ல. விலை வீழ்ச்சி என்பது, அடுத்த ஒன்பது ஆண்டுகள் குறைவாக வரப்போகும் வட்டியை ஒரே நாளில் கழித்துக்கொள்வது. இன்று விற்பவர் அந்த நஷ்டத்தை மொத்தமாக ஏற்கிறார். விற்காதவர் அதையே பதினெட்டுத் தவணையாக ஏற்கிறார். தவணையில் ஏற்பவருக்கு அது நஷ்டமாகத் தெரியாது, வங்கிக் கணக்கில் மாதிரியே 3,050 விழுந்துகொண்டிருக்கும். அவ்வளவே வித்தியாசம். இதிலிருந்து இன்னொன்றும் புரியும்: விலை இறங்கிவிட்டதே என்று பயந்து விற்று, புதிய 7.4 சதவீதப் பத்திரத்துக்கு மாறுவதாலும் லாபம் இல்லை. 91,570 ரூபாயில் வாங்கும் புதிய பத்திரமும், கையிலிருக்கும் பழையதும் இன்றைய மதிப்பில் ஒன்றே. தரகுதான் மிச்சமாகச் செலவாகும்.

முதிர்வு வரை வைத்திருந்தால் நஷ்டமில்லை என்ற பேச்சை ஒரு வங்கியே நம்பியபோது என்ன நடந்தது என்பதை 2023 மார்ச்சில் அமெரிக்காவில் பார்த்தோம். சிலிக்கான் வேலி வங்கி, வட்டி அடிமட்டத்தில் இருந்த காலத்தில் குவிந்த வைப்புத்தொகையை நீண்டகாலப் பத்திரங்களில் போட்டிருந்தது. பெரும்பாலும் அரசின் ஆதரவு உள்ள வீட்டுக்கடன் பத்திரங்கள். பணம் வராமல் போகும் ஆபத்து அநேகமாக இல்லை. ‘முதிர்வு வரை வைத்திருப்போம்’ என்று தனிக் கணக்கில் ஒதுக்கிவிட்டால், சந்தை விலை இறங்கினாலும் லாப நஷ்டக் கணக்கில் காட்ட வேண்டியதில்லை. அப்படி ஒதுக்கியவை சுமார் 9,100 கோடி டாலர். 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி, 2023 பிப்ரவரியில் 4.50 முதல் 4.75 சதவீதம் வரை ஏறியிருந்தது. 2022 கடைசியில் அந்த ஒதுக்கிய பத்திரங்களின் சந்தை மதிப்பு சுமார் 7,600 கோடி டாலர். மறைந்திருந்த 1,500 கோடி டாலர் நஷ்டம், வங்கியின் மொத்த சொந்த மூலதனத்தையே ஏறக்குறைய விழுங்கக்கூடிய அளவு.

வைப்புதாரர்கள் பணம் கேட்காத வரைதான் ‘முதிர்வு வரை’ என்ற பேச்சு செல்லும். அவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். மார்ச் 8ஆம் தேதி, விற்பனைக்கென்று வைத்திருந்த வேறு பத்திரங்களில் 2,100 கோடி டாலர் அளவுக்கு விற்று 180 கோடி டாலர் நஷ்டப்பட்டதாக வங்கி அறிவித்தது. மறுநாள் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை மக்கள் எடுத்தார்கள். மார்ச் 10 அன்று வங்கியை மூடிவிட்டார்கள். ஒரு பத்திரமும் வாக்குத் தவறவில்லை. தவணையில் ஏற்க வேண்டிய நஷ்டத்தை ஒரே நாளில் ஏற்க நேர்ந்தது, அதுதான் கதை.

அப்படியானால் ஒரு பத்திரத்தின் விலை எவ்வளவு ஆடும் என்று முன்கூட்டியே அறிய வழி உண்டா? உண்டு. டியூரேஷன் என்று ஓர் எண் சொல்வார்கள். அதன் திருத்திய வடிவமான மாடிஃபைடு டியூரேஷன்தான் நமக்கு வேண்டியது. வட்டி ஒரு சதவீதம் ஏறினால் விலை ஏறக்குறைய எத்தனை சதவீதம் இறங்கும் என்பதே அது. ஒன்பது ஆண்டு மீதியிருந்த நம் பத்திரத்துக்கு அது 6.85. வட்டி 1.3 சதவீதம் ஏறியதால், 1.3ஐ 6.85ஆல் பெருக்கினால் 8.9 சதவீத வீழ்ச்சி என்று கணக்கு சொல்லும். உண்மையில் இறங்கியது 8.43. இந்தச் சிறு வித்தியாசம் எப்போதும் பத்திரக்காரருக்குச் சாதகமாகவே இருக்கும். அதே 1.3 சதவீதம் வட்டி ஏறாமல் இறங்கியிருந்தால், விலை 1,09,410 ஆகியிருக்கும்; லாபம் 9.41 சதவீதம். விலைக்கும் ஈல்டுக்கும் உள்ள உறவை வரைபடமாக வரைந்தால் நேர்க்கோடு வராது, வளைகோடு வரும் என்பதே காரணம்.

அதே 6.10 சதவீத வட்டி, அதே 7.4 சதவீத ஈல்டு, காலம் மட்டும் வேறு என்று வையுங்கள். இரண்டே ஆண்டு மீதியிருந்தால் விலை 97,620. முப்பது ஆண்டு மீதியிருந்தால் 84,420. ‘அரசுப் பத்திரம், பத்திரமானது’ என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். பணம் திரும்புமா என்ற கேள்விக்கு அது சரியான பதில். அடுத்த ஆண்டு மகள் கல்யாணத்துக்கு விற்க நேர்ந்தால் என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு அதில் பதிலே இல்லை.

சந்தை ரிசர்வ் வங்கியின் அறிவிப்புக்காகக் காத்திருப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2022 ஏப்ரலில் ரெப்போ 4 சதவீதத்திலேயே இருந்தது. பத்தாண்டு ஈல்டு அதற்குள் 7ஐத் தாண்டியிருந்தது. ஏறப்போகிறது என்று எல்லோரும் எதிர்பார்த்தது விலையில் ஏற்கெனவே கலந்துவிட்டது. எதிர்பாராததுதான் விலையை உலுக்கும். மே 4 அறிவிப்பு தேதிக்கு முன்னால் வந்ததால், அன்று ஒரே நாளில் ஈல்டு 7.12இலிருந்து 7.38க்குத் தாவியது. பத்தாண்டுப் பத்திரத்தில் அது நூறு ரூபாய்க்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் ரூபாய் இழப்பு. ஆகவே ‘ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்துவிட்டது, இப்போது பத்திரம் வாங்கினால் லாபம்’ என்று செய்தியைப் பார்த்துவிட்டு ஓடுகிறவர் பெரும்பாலும் தாமதமாகவே போய்ச் சேர்கிறார்.

நம் 2031 பத்திரம் அதன்பின் என்ன ஆனது? விலை மெல்ல மீண்டது, இரண்டு காரணங்களால். 2025 ஜூலையில் அதற்கு ஆறு ஆண்டு மீதி. ஈல்டு 7.4இலேயே நின்றிருந்தாலும் விலை 93,790 ஆகியிருக்கும். முதிர்வு நெருங்க நெருங்க விலை ஒரு லட்சத்தை நோக்கி நகர்ந்தே ஆக வேண்டும். இது இலவச லாபம் அல்ல. முன்பு சொன்ன 650 ரூபாய்க் குறைவுகளில் ஆறு தவணைகள் ஏற்கெனவே கழிந்துவிட்டன, அதற்கு ஈடானதுதான். மற்றொரு காரணம், ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியிலிருந்து ரெப்போவைக் குறைக்கத் தொடங்கி, ஜூனில் 5.50க்குக் கொண்டுவந்தது. ஆறாண்டு ஈல்டு 6.2 என்று எடுத்தால் விலை 99,500.

ஒய்.டி.எம். பற்றி ஓர் எச்சரிக்கை மிச்சமிருக்கிறது. 91,570க்கு வாங்கியவருக்கு 7.4 சதவீதம் ‘உறுதி’ என்று சொல்லும்போது, வரும் ஒவ்வொரு தவணையையும் அவர் அதே 7.4 சதவீதத்தில் மறுபடி முதலீடு செய்வார் என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. அப்படிச் செய்தால் 2031இல் அவர் கையில் 1,76,100 ரூபாய் இருக்கும். தவணைகளை 5 சதவீதத்தில் போட்டு வைத்தால் 1,68,280தான். உண்மையான வருமானம் 6.88 சதவீதமாகிவிடும். தவணையை வாங்கிக் குடும்பச் செலவுக்கு எடுக்கும் ஓய்வூதியருக்கு இது பெரிய விஷயமில்லை. பணத்தைச் சேர்த்து வளர்க்க நினைப்பவருக்கு விஷயம்தான்.

2021 நவம்பரிலிருந்து ரிசர்வ் வங்கியின் ரீட்டெயில் டைரக்ட் வழியாக யார் வேண்டுமானாலும், 10,000 ரூபாயிலிருந்து, அரசுப் பத்திரம் வாங்கலாம். அங்கே இரண்டு இடங்களில் தடுமாறுவார்கள். ஒன்று, திரையில் தெரியும் விலையைவிட அதிகம் கட்ட நேரும். கடைசித் தவணைக்குப் பிறகு மூன்று மாதம் கழித்து வாங்கினால், அந்த மூன்று மாத வட்டி 1,525 ரூபாயை விற்பவருக்குக் கொடுத்தாக வேண்டும். அடுத்த தவணை முழுதாக உங்களுக்கு வரும். ஏமாற்று எதுவும் இல்லை. மற்றொன்று உண்மையான சங்கடம். இந்தச் சந்தை 5 கோடி ரூபாய் மூட்டைகளில் வியாபாரம் செய்யும் வங்கிகளுக்காக ஏற்பட்டது. லட்ச ரூபாய்ப் பத்திரத்தை விற்க நினைத்தால், நம் கணக்கு சொல்லும் விலைக்கு வாங்க ஆள் இல்லாமல் போகலாம்.

கடன் பத்திர மியூச்சுவல் ஃபண்டு வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான், கூடுதலாக ஒன்று: பெரும்பாலான ஃபண்டுகளுக்கு முதிர்வுத் தேதி கிடையாது. பழையதை விற்றுப் புதியதை வாங்கிக்கொண்டே இருப்பதால், ‘வைத்திருந்தால் ஒரு லட்சம் வரும்’ என்ற நாளே அங்கே இல்லை. மாதாந்தர அறிக்கையில் ஒய்.டி.எம்., மாடிஃபைடு டியூரேஷன் இரண்டும் அச்சிடப்பட்டிருக்கும். விற்பவர் முதல் எண்ணை மட்டும் பெரிதாகச் சொல்வார். இரண்டாவது எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் பணம் தேவைப்படும் ஆண்டுகளைவிட அதிகமாக இருந்தால், எவ்வளவு நல்ல ஒய்.டி.எம். என்றாலும் அந்த ஃபண்டு உங்களுக்கானது அல்ல.